‘பிந்திப் போச்சு’ என்பதற்கும் ‘நான் பிந்திட்டன்’ என்பதற்கும் நடுவில்

பெப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு வேலையிடத்தில் என்னுடைய ஒன்கோல் முறை. மடிக்கணினிக்கு முன்னால் இருந்து ஒரு சேர்வர் ஏன் விழுந்து விழுந்து எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 12:50க்கு மகளின் தமிழ் ரீச்சரிடமிருந்து அழைப்பு.

“பிள்ளை இன்னும் இஞ்சதான் நிக்கிறா. ஒருத்தரும் வரேல்லை. நீங்கள் வாறீங்களோ?”

வகுப்பு முடிவது 12:30க்கு. அழைத்து வர வேண்டியவர் என் கணவர். எடுக்காத ஃபோனுக்கு நான்கு தரம் அடித்தேன். 1:10க்குத்தான் அவர் போய்ச் சேர்ந்தார். வெளியே மைனஸ் 14. என் ஏழு வயது மகள் ஜக்கெற்றைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவடியில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னது: “ரோட்டில நெரிசல். பிந்திப் போச்சு.”

அவ்வளவுதான். பின்னேரம் இஞ்சி போட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அடுத்த நாள் காலை நான் எழும்புவதற்கு முன்னமே என் காரிலிருந்த பனியைத் தட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தார். ‘சொறி’ என்ற சொல் மட்டும் வரவில்லை. கலியாணம் முடித்துப் பத்து வருசத்தில் அது வந்த தடவைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

இத்தனைக்கும் இவர் ரொறன்ரோவில் வளர்ந்த ஆள். கடை வாசலில் யாராவது இவருடைய காலை மிதித்தாலும் ‘சொறி’ சொல்வது இவர்தான். வேலை மின்னஞ்சலில் அரை நாள் பிந்திப் பதில் எழுதினாலும் முதல் வரியே அதுதான். வெளியில் ஒரு நாளைக்கு இருபது தரம் வருகிற சொல், வீட்டுப் படியேறும்போது சப்பாத்தோடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் வருவதில்லை என்று பார்ப்போம். திமிர் என்று நான் வருசக்கணக்காக நினைத்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். 2013இல் ஒக்கிமோட்டோ, வென்செல், ஹெட்ரிக் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, மன்னிப்புக் கேட்க மறுப்பவருக்கு அந்த மறுப்பே ஒரு பலத்தையும், ‘நான் என் நிலையில் நிற்கிறேன்’ என்ற நிறைவையும் கொடுக்கிறது என்று காட்டியது. அதாவது சொல்லாமல் இருப்பதில் அந்த நேரத்துக்கு ஒரு சுகம் உண்டு.

ஆனால் எங்கட வீட்டுக் கதையில் இன்னொன்றும் இருந்தது. ஒன்ராறியோவில் 2009இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் மன்னிப்புக் கேட்டால், அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்து நட்டஈட்டு வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ‘சொறி சொன்னால் மாட்டிக்கொள்வேன்’ என்ற பயத்தில் வைத்தியர்கள்கூட வாய் திறக்காமல் இருக்கக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. எங்கட வீட்டுக்குள் அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. இவர் வளர்ந்த வீட்டில் ஒருமுறை ஒத்துக்கொண்ட பிழை, பத்து வருசத்துக்குச் சாப்பாட்டு மேசையில் பரிமாறப்படும். நானும் திறமில்லை. நண்பனுக்கு என்னிடம் கேட்காமல் காசு கொடுத்ததை இவர் ஒருமுறை தானாகவே வந்து ஒத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வேறொரு சண்டையில், இவருடைய அக்காவுக்கு முன்னால் அதை நான் எடுத்து வீசினேன். அதற்குப் பிறகு இவர் வாயை மூடிக்கொண்டதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, பெப்ரவரிக்கு வருவோம். அந்தத் திங்கட்கிழமை இரவு நான் கேட்டேன்: “சொறி எண்டு ஒரு சொல்லுச் சொன்னா குறைஞ்சோ போடுவீங்கள்?”

“சரி, சொறி. இப்ப சந்தோசமோ?”

கேட்டது கிடைத்தது. ஆனால் நெஞ்சுக்குள் இருந்தது ஒரு துளியும் குறையவில்லை. எங்கட ஆட்கள் இந்தச் சொல்லை ‘சொறி’ என்று எழுதுவதைப் பார்த்து என் தமிழ்நாட்டு நண்பி சிரிப்பாள். யோசித்துப் பார்த்தால் அந்த எழுத்துப் பிழையில் ஒரு நியாயம் இருக்கிறது. சொறிந்து விட்டால் கொஞ்ச நேரம் சுகம். புண் ஆறாது.

மூன்று கிழமை கழித்து மகளை அழைக்கப் போக மறுபடியும் இருபது நிமிடம் பிந்தியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் கேட்டதே பிழையான பொருள் என்று. எனக்குத் தேவைப்பட்டது ஒரு சொல் இல்லை. இது திரும்ப நடக்காது என்று நம்புவதற்கு ஒரு காரணம்.

வேலையிடத்தில் இது எனக்குத் தெரிந்த பாடம். சேர்வர் விழுந்தால் திரும்பத் தொடக்கிவிடலாம், எல்லாம் ஓடும், எல்லாரும் சந்தோசம். ஏன் விழுந்தது என்று எழுதி, யார், எந்தத் திகதிக்குள் எதை மாற்றப் போகிறார் என்று போடாவிட்டால், அடுத்த கிழமை இரவு இரண்டு மணிக்கு அதே அழைப்பு வரும். இவருடைய “சரி, சொறி” என்பது சேர்வரைத் திரும்பத் தொடக்கியது போலத்தான்.

2016இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோய் லெவிக்கியும் இரண்டு சக ஆய்வாளர்களும், மன்னிப்பு என்பதை ஆறு துண்டாகப் பிரித்து 755 பேரிடம் சோதித்தார்கள். வருத்தம் தெரிவித்தல், நடந்ததை விளக்குதல், பொறுப்பை ஏற்றல், இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்லுதல், திருத்தித் தருவதாகச் சொல்லுதல், மன்னித்துவிடு என்று கேட்டல். இவற்றில் ஆட்களுக்கு மிக முக்கியமாகப் பட்டது ‘இது என் பிழை’ என்று பொறுப்பை ஏற்பது. அடுத்தது திருத்தித் தர முன்வருவது. கடைசியில் நின்றது ‘மன்னித்துவிடு’ என்று கேட்பது. அவர்கள் சோதித்தது ஒரு கணக்காளர் வரிக் கணக்கில் செய்த தவறை வைத்து, கணவன் மனைவியை வைத்து இல்லை. என்றாலும் வாசித்தபோது எங்கட சமையலறை நினைவுக்கு வந்தது. நான் பத்து வருசமாகச் சண்டை பிடித்தது அந்தப் பட்டியலின் கீழே இருப்பவற்றுக்காக.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எனக்காக மூன்று கேள்விகளை எழுதி வைத்தேன்.

முதலாவது கேள்வி: வினைச்சொல்லுக்கு முன்னால் ‘நான்’ இருக்கிறதா?

எங்கட தமிழில் ஒரு வசதி இருக்கிறது. செய்த ஆளே இல்லாமல் ஒரு வசனத்தை முடித்துவிடலாம். “பிந்திப் போச்சு.” “கை பட்டிட்டுது.” “வாய் தவறி வந்திட்டுது.” “நடந்தது நடந்து போச்சு.” இதில் எதிலும் ஆள் இல்லை. கை தானாகப் பட்டது, நேரம் தானாகப் பிந்தியது, வாய் தானாகத் தவறியது. “நான் பிந்திட்டன்” என்று சொல்லிப் பாருங்கள். நாக்குக்கே பாரமாக இருக்கும். அந்தப் பாரம்தான் பொறுப்பு.

ஆளில்லாத வசனத்துக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள். ஒன்று, “நீர் அப்பிடி எடுத்திருந்தா, சொறி.” இதில் பிழை செய்தவர் அவர் இல்லை, பிழையாக விளங்கிக்கொண்ட நான். மற்றது, “சொறி, ஆனா நீர் ஏன் முதலே ஞாபகப்படுத்தேல்லை?” ‘ஆனா’ வந்தால் அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் அழிந்துவிடும். விளக்கம் சொல்லக் கூடாது என்றில்லை. விளக்கம் ‘நான்’ என்பதற்குப் பிறகு வரவேண்டும், அதற்குப் பதிலாக வரக் கூடாது.

இரண்டாவது கேள்வி: பேச்சு முடியும்போது யாருடைய காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

சில பேர் சொறி சொல்லவே மாட்டார்கள். சில பேர் அதை அளவுக்கு மிஞ்சிச் சொல்வார்கள். என் நெருங்கிய நண்பியின் கணவர் இரண்டாவது வகை. “நான் ஒரு உதவாக்கரை, என்னை ஏன் கட்டினனீர்” என்று தலையில் கைவைத்து இருந்துவிடுவார். கடைசியில் காயப்பட்ட அவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். அவளுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கக் காதுக்கு நல்ல மன்னிப்பு, ஆனால் உள்ளுக்குள் ஒன்றுமில்லை. உண்மையான திருத்தத்தில் ஒரு கேள்வி இருக்கும்: “உமக்கு எப்பிடி இருந்தது?” கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை பொறுத்திருப்பதும் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் என்ன மாறியது, அதை ஞாபகம் வைத்திருப்பது யார்?

“இனிக் கவனமா இருக்கிறன்” என்பது மாற்றம் இல்லை. அலாரம் வைத்தால் அது மாற்றம். ஆனால் அந்த அலாரத்தை நான் என் ஃபோனில் வைத்து, 12 மணிக்கு அவருக்கு அடித்து, “வெளிக்கிட்டாச்சோ?” என்று கேட்டால், திருத்தியது நான், அவர் இல்லை. பிழை ஒருவருடையது, திருத்தும் வேலை மற்றவருடையது என்று ஆகிவிடும். பல வீடுகளில் மனைவிமார் களைத்துப் போவது இந்த இடத்தில்தான்.

இந்த மூன்றையும் வைத்து இவருடைய தேத்தண்ணியைப் பார்த்தேன். ‘நான்’ இல்லை. கேள்வி இல்லை. மாற்றமும் இல்லை. அதனால் அது திருத்தம் இல்லை. ஆனால் அதைப் பொய் என்றும் தள்ள முடியவில்லை. தம்பதிகளைப் பல வருசம் அவதானித்து ஆராய்ந்த ஜோன் கொட்மன், சண்டை பெரிதாகாமல் தடுக்கும் சின்னச் சின்னச் செயல்களுக்குப் பெரிய இடம் கொடுக்கிறார். ஒரு பகிடி, ஒரு தொடுகை, ஒரு கோப்பை தேத்தண்ணி. மற்றவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா என்பதில்தான் மிச்சம் தங்கியிருக்கிறது என்பார். எங்கட அம்மா அப்பாமார் காலத்தில் “சாப்பிட்டாச்சோ?” என்ற கேள்வி செய்த வேலையும் இதுதான். அது கதவைத் திறக்கிறது. ஆனால் கதவைத் திறப்பது வேறு, உள்ளே போய் உடைந்ததைத் திருத்துவது வேறு. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பேச வேண்டியதைப் பேசலாம். இத்தனை வருசமும் நான் ஒன்றில் தேத்தண்ணியைத் தொடாமல் ஆறவிட்டேன், அல்லது குடித்துவிட்டுப் பேசாமல் விட்டேன்.

அந்த ஞாயிறு இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, இவர் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொடங்கினேன். ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற இரண்டு சொற்களையும் பாவிப்பதில்லை என்று முதலே முடிவு செய்திருந்தேன். என் பக்கப் பிழையிலிருந்து தொடங்கினேன்.

“நீங்கள் காசு குடுத்ததை வந்து சொன்னதுக்குப் பிறகு, அதை நான் அக்காவுக்கு முன்னால எடுத்து எறிஞ்சனான். அது என்ர பிழை. இனி நீங்கள் ஒத்துக்கொண்ட ஒண்டையும் சண்டையில எடுக்க மாட்டன். இப்ப சனிக்கிழமை விசயம் மட்டும் கதைப்பம். இரண்டு தரம் பிள்ளை தனிய நிண்டவள். எனக்குச் சொறி வேண்டாம். என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.”

நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வழமையில் நான் இந்த இடத்தில் இன்னும் நாலு வசனம் போட்டிருப்பேன். அன்றைக்குப் போடவில்லை.

“ரோட்டில நெரிசல் இல்லை,” என்றார் கடைசியில். “நண்பன்ர வீட்டு பேஸ்மென்ற் வேலையில நிண்டனான். ஃபோன் மேல ஜக்கெற்றுக்குள்ள. நான் நேரம் பாக்கேல்லை. இரண்டாந்தரமும் அப்பிடித்தான்.”

பத்து வருசத்தில் நான் கேட்ட மிகப் பெரிய மன்னிப்பு அதுதான். அதில் ‘சொறி’ இல்லை. ‘நான்’ இருந்தது, முதலில் சொன்ன பொய்யைத் திருப்பி எடுத்ததும் இருந்தது.

ஆனால் அன்றைக்கே நம்பிவிடவில்லை. வேலையிடத்திலும் திருத்தம் எழுதியவுடன் யாரும் பிரச்சினை முடிந்தது என்று போடுவதில்லை. அதே பாரம் திரும்ப வரும்போது தாங்குகிறதா என்று பார்ப்போம்.

அந்தக் கிழமையே மூன்று விசயம் நடந்தது, ஒன்றையும் நான் சொல்லிச் செய்யவில்லை. தன்னுடைய ஃபோனில் ஒவ்வொரு சனியும் 11:55க்கு அடிக்கிற மாதிரி அலாரம் வைத்தார். தானே ரீச்சருக்கு அழைத்து, இரண்டு தரமும் காக்க வைத்தது தன் பிழை என்று சொன்னார். பிறகு மகளின் கட்டிலில் போய் இருந்தார். கதவடியில் நின்ற எனக்குக் கேட்டது.

“அப்பா நேரம் பாக்க மறந்திட்டன். நீ தனிய நிண்டது அப்பான்ர பிழை. பயந்தனியோ?”

“இல்லை. ரீச்சருக்கு என்னில கோவம் எண்டு நினைச்சனான்.”

நான் மூன்று கிழமையாக என் மகள் குளிரில் நடுங்கியதாகவும் பயந்ததாகவும் நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய பாரம் வேறு. தன்னால்தான் ரீச்சர் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறா என்று அவள் நினைத்திருக்கிறாள். கேட்காமல் தெரிந்திருக்காது. கேட்ட பிறகுதான் இவரால் அதற்குப் பதில் சொல்லவும் முடிந்தது: “ரீச்சருக்கு உன்னில கோவமில்லை. நான் அவவோட கதைச்சிட்டன்.”

உண்மையான சோதனை ஏப்ரலில் வந்தது. அன்றைக்கு இவருக்கு உண்மையாகவே வேலை. 12:05க்கு எனக்கு அழைப்பு: “நான் போய்ச் சேர 12:45 ஆகும். ரீச்சருக்குச் சொல்லிட்டன், பிள்ளைக்கும் சொல்லச் சொன்னனான்.” அன்றைக்கும் பிந்தியது. ஆனால் ஒருத்தரும் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. திருத்தம் என்றால் பிழையே வராது என்பதில்லை. வரும்போது அதன் விலையை முன்னர் கொடுத்தவர் இந்தமுறை கொடுக்காமல் இருப்பது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். நான் வேலை முடிந்து களைத்து வந்த நாட்களில் இவர் எறிகிற கடுஞ்சொற்களுக்கு இன்னும் தேத்தண்ணிதான் வருகிறது. அதற்கான ஞாயிறு இரவு இனித்தான். எனக்கும் அந்தச் சொல்லைக் கேட்க ஆசை போகவில்லை, அதையும் இவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆசைப்படுவதில் பிழையில்லை. சொல் வந்தால் போதும் என்று நினைப்பதுதான் பிழை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்று கேள்விகளும் இரண்டு பேரும் பயமில்லாமல் வாய் திறக்கக் கூடிய வீட்டுக்கு மட்டும்தான். கை நீட்டுகிற, காசையும் ஃபோனையும் பூட்டி வைக்கிற, பயமுறுத்துகிற வீடுகளில் மன்னிப்பு மிக அழகாக வரும். அழுகை வரும், நகை வரும், ‘இனி இல்லை’ என்று சத்தியம் வரும். கொஞ்ச நாள் கழித்து அதே அடி வரும். அங்கே உங்கள் பிழையை முதலில் ஒத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அங்கே திருத்த வேண்டியது பேச்சை இல்லை, உங்கள் பாதுகாப்பை. கனடாவில் இருப்பவர்கள் 211க்கு அழைத்தால் உங்கள் பகுதியில் உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

போன கிழமை மகள் தம்பியின் லெகோக் கோபுரத்தை இடித்துவிட்டாள். முந்தி என்றால் “சொறி, சொறி, சொறி” என்று மூன்று தரம் கத்திவிட்டு ஓடுவாள், நானும் ‘சொறி சொல்லிட்டாள்தானே’ என்று வழக்கை முடித்துவிடுவேன். இந்தமுறை நான் “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன்.

“கோபுரம் விழுந்திட்டுது.”

பக்கத்தில் இருந்த இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்: “தானா விழுந்ததோ?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நான் இடிச்சிட்டன்.” பிறகு தம்பிக்குப் பக்கத்தில் குந்தி, கட்டத் தொடங்கினாள்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் இவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். கடைசி வரை வாசித்துவிட்டுச் சொன்னார்: “நாப்பது நிமிசம் இல்லை, முப்பத்தெட்டு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போனவர், படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“சரி, நாப்பது எண்டே போடும். அவளுக்கு அதைவிடக் கூட இருந்திருக்கும்.”